தேர்வுக்குப் புதிதாக எடுத்த பிறப்புச் சான்று செல்லுமா?

"மாவட்ட அண்டர்-16 கால்பந்துத் தேர்வு அறிவிப்பில் 'பிறந்து ஓராண்டுக்குள் பதிவான பிறப்புச் சான்று' என்கிறார்கள். மகனுடையது போன மாதம் ஆன்லைனில் எடுத்தது. செல்லுமா?"

பதிவு ஓராண்டுக்குள் நடந்திருந்தால் செல்லும். நீங்கள் பார்த்தது வழங்கிய நாளாக இருக்கும்; அது எத்தனை புதிதானாலும் பரவாயில்லை.

சான்றில் 'பதிவு செய்த நாள்' என்ற வரியைப் பாருங்கள். மருத்துவமனைப் பிரசவம் என்றால் பெரும்பாலும் 21 நாட்களுக்குள் பதிவாகியிருக்கும். அப்புறம், பிறந்த தேதி ஆதாரிலும் அதுவேதானா என்று ஒப்பிடுங்கள்.

ஓராண்டு தாண்டிய பதிவென்றால் கட்டணம் கட்டும் முன்பே மாவட்டச் சங்கத்திடம் கேளுங்கள். கட்டியபின் திரும்பக் கிடைப்பது கஷ்டம். அறிவிப்பிலுள்ள நேரம் பொதுவாகச் சான்று சரிபார்ப்புக்கானது, ஆட்டத்துக்கானதல்ல. அசலோடு அதற்கு முன்பே போய்விடுங்கள்.