உறவுக்கும் தர்மத்துக்கும் கொடுத்துவிட்டு முதலீட்டையும் காப்பாற்றுவது: சில கேள்விகள்

எல்லாக் கணக்குகளிலும் மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். எந்த நாணயத்திலும் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். முதலீடு விலைவாசி உயர்வைத் தாண்டி வருடத்துக்கு 4 சதவீதம் வளர்வதாகவும், போடுகிற தொகையை விலைவாசிக்கேற்ப நீங்கள் ஏற்றிக்கொண்டே போவதாகவும் எடுத்துக்கொள்கிறேன். இது கணக்குக்காக வைத்த எண்தான், யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

வீட்டுச் செலவு 63, பெற்றோருக்கு 12, நன்கொடை 5, முதலீடு 20. எல்லாம் சரியாகத்தான் போகிறது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு, கல்யாணம், ஃபீஸ் என்று முதலீட்டிலிருந்து எடுக்க வேண்டி வருகிறது. நன்கொடையை நிறுத்திவிடட்டுமா?

வேண்டாம். அந்த 5 மாதாமாதம் தெரிந்தே போகிறது, அதனால் திட்டம் உடையவில்லை. உங்கள் பட்டியலில் இடமே இல்லாத ஒரு செலவு இருக்கிறது, அதுதான் உடைக்கிறது.

முதலில் கடந்த 24 மாத வங்கிக் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு, உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கும் யாருக்குப் பணம் போயிருந்தாலும் அந்த வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் ஒரே அளவில் போவது ஒரு பக்கம், கேட்டபோது கொடுத்தது இன்னொரு பக்கம். கைமாற்றாகக் கொடுத்து திரும்பி வராததும் இரண்டாவது பக்கத்தில்தான் சேரும், அதை மட்டும் விட்டுவிட்டு மனதை ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். இப்படிக் கூட்டினால் இரண்டு வருடத்தில் 80 வருகிறது என்று வைப்போம், அதாவது வருடத்துக்கு 40. உங்களைப் பொறுத்தவரை அது எதிர்பாராத செலவு. ஆனால் யார் கேட்பார்கள், எப்போது கேட்பார்கள் என்பதுதான் தெரியாதே தவிர, கிட்டத்தட்ட எவ்வளவு போகும் என்பது இந்த இரண்டு வருடத்திலேயே தெரிந்துவிட்டது.

மாதம் 20 வீதம் எதையும் தொடாமல் 20 வருடம் போட்டால் சுமார் 7150 சேரும். வருடத்துக்கு 40 எடுத்துக்கொண்டே வந்தால் சுமார் 5950தான். விட்ட இடத்தைப் பிடிக்க அதே வேகத்தில் இன்னும் இரண்டரை வருடத்துக்கு மேல் ஓட வேண்டும். சந்தை இறங்கியிருக்கும் நேரத்தில் எடுக்க வேண்டி வந்தால் இன்னும் மோசம்: 30 சதவீதம் இறங்கியிருந்தால், கைக்கு 40 வருவதற்கு நேற்று 57 மதிப்பில் இருந்த யூனிட்டுகளை விற்க வேண்டும்.

இந்த 40-ஐ மாதக் கணக்கில் பார்த்தால் 3.3. அதற்குத் தனியாக ஒரு கணக்கு திறந்து, உறவு நிதி என்றே பெயர் வைத்துவிடுங்கள். வீட்டுச் செலவிலிருந்து 1.3, நன்கொடையிலிருந்து 1, முதலீட்டிலிருந்து 1 அதற்குப் போகட்டும். ஆமாம், முதலீட்டை 19 ஆகக் குறைக்கத்தான் சொல்கிறேன். 19-ஐ யாரும் தொடாவிட்டால் 20 வருடத்தில் சுமார் 6790 வரும். 20 போட்டு நடுநடுவே பிய்த்து எடுப்பதைவிட இது 800-க்கு மேல் அதிகம். இதில் மந்திரம் எதுவும் இல்லை. முன்பு முழுச் சுமையும் முதலீட்டின் தலையில் விழுந்தது, இப்போது வீட்டுச் செலவும் நன்கொடையும் பங்கு போட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

இந்தப் பணத்தைப் பங்குச் சந்தையில் வைக்காதீர்கள். உடனே எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கு போதும். வேலை போனால் சாப்பிடுவதற்கு வைத்திருக்கும் அவசர நிதியோடும் கலக்காதீர்கள், கலந்தால் உறவுக்காரர் கல்யாணம் அதைத் தின்றுவிடும். உச்ச வரம்பு ஒன்றரை வருடத் தொகை, அதாவது 60. அதற்கு மேல் சேர்ந்தால் முதலீட்டுக்குத் தள்ளிவிடலாம். ஆரம்பத்தில்தான் சிக்கல்: கணக்கு திறந்த இரண்டாவது மாதமே ஒருவர் போன் செய்வார். அதனால் போனஸ் மாதிரி ஏதாவது வரும்போது முதல் 10, 15-ஐப் போட்டுத் தொடங்குங்கள்.

தொடர்ந்து இரண்டு வருடம் இது காலியானால் தொகை போதவில்லை என்று அர்த்தம், அல்லது நீங்கள் 'முடியாது' என்று சொல்வதே இல்லை என்று அர்த்தம். இரண்டில் எது என்று உங்களுக்கே தெரியும். ஒன்று சொல்ல வேண்டும், இதில் பணத்தைவிடப் பெரிய உதவி பேச்சில் கிடைக்கிறது. 'என்னிடம் இல்லை' என்று பொய் சொல்லத் தேவையில்லை. 'இதற்கென்று வைத்திருப்பதில் இவ்வளவுதான் இருக்கிறது' என்று சொன்னால் அது உண்மையாகவே இருக்கும்.

நன்கொடைக்கான சதவீதத்தை எதில் கணக்கிடுவது? என் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும்.

கடந்த 12 மாதம் வரி போகக் கைக்கு வந்ததன் சராசரியில். அதில் பாதியை மாதாமாதம் கொடுங்கள், மீதியை வருடக் கடைசியில் கணக்குப் பார்த்துவிட்டு. நல்ல மாதத்தின் உற்சாகத்தில் நிரந்தரத் தொகைக்கு ஒப்புக்கொண்டு, மந்தமான மாதத்தில் முதலீட்டில் கை வைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெற்றோருக்கு ஐந்து வருடமாக ஒரே தொகை அனுப்புகிறேன். அவர்கள் எதுவும் கேட்கவில்லை. இதைத் திட்டத்தில் எப்படி எழுதுவது?

கேட்கவில்லை என்பதால் போதுகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால், இன்றைய 12-க்குப் பத்து வருடம் கழித்து 7.4 அளவுக்குத்தான் சாமான் வாங்க முடியும். அந்தக் குறை எங்கேயும் காணாமல் போகாது, ஒருநாள் மருந்துச் செலவாகவோ பழுதாகிப்போன வீட்டுக் கூரையாகவோ மொத்தமாக வந்து நிற்கும். சம்பளம் ஏறும் மாதத்திலேயே இதையும் ஏற்றிவிடுங்கள்.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று. டெர்ம் இன்ஷூரன்ஸ் தொகையை மனைவி, பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று கூட்டிப் போட்டிருப்பீர்கள். நாளைக்கு நீங்கள் இல்லையென்றால் பெற்றோருக்கான அந்த 12 எங்கிருந்து போகும்? அவர்களுக்கு இப்போது 65 என்றால் 90 வயது வரை கணக்குப் போடுங்கள்: வருடத்துக்கு 144, 25 வருடத்துக்கு 3600. வட்டியும் விலைவாசியும் ஈடாகிவிடும் என்று வைத்தால் பாலிசியில் கூடுதலாகத் தேவைப்படும் தொகை கிட்டத்தட்ட இதுதான். உங்கள் ஓய்வுக்காலச் செலவில் மட்டும் இந்த 12-ஐ ஆயுள் முழுக்கச் சேர்க்காதீர்கள், அது முடிவுள்ள கடமை. சொல்லச் சங்கடம்தான், ஆனால் அது முடிகிற மாதமே அந்தத் தொகை முதலீட்டுக்குத் திரும்பவில்லையென்றால் வீட்டுச் செலவு அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

தங்கையின் படிப்புக்காக மூன்று வருடம் என் முதலீட்டை முழுதாக நிறுத்த வேண்டும். இப்போதுதான் 20 வருடத் திட்டத்தைத் தொடங்குகிறேன். 'மூன்று வருடம்தானே' என்கிறார்கள்.

எந்த மூன்று வருடம் என்பதைப் பொறுத்தது. கடைசி மூன்று வருடத்தை விட்டால் இலக்கில் சுமார் 10 சதவீதம் குறையும். முதல் மூன்றை விட்டால் 20 சதவீதம், ஏனென்றால் அந்தப் பணம்தான் அதிக காலம் வளரும். ஆனால் சரிசெய்ய முடியாத இழப்பு இல்லை. நான்காவது வருடத்திலிருந்து மாதம் 20-க்குப் பதில் 25 போட்டால் 17 வருடத்தில் அதே இடத்துக்கு வந்துவிடுவீர்கள். தங்கை வேலைக்குப் போனதும் அவருக்குக் கொடுத்த தொகை விடுபடும் என்பதால் இது நடக்கக்கூடியதுதான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கொடுப்பேன், ஆனால் அந்த 25 தானாகக் கணக்கிலிருந்து போவதற்கான உத்தரவை இன்றே தேதி போட்டு வங்கியில் கொடுத்துவிடுவேன்.

அண்ணன் தொழிலுக்காக 300 கேட்கிறார், ஒரு வருடத்தில் தந்துவிடுவாராம். என் இலக்குக்கு இன்னும் 15 வருடம் இருக்கிறது. கொடுக்கலாமா?

உங்கள் சொத்துப் பட்டியலில் அந்த 300-ஐ இன்றே பூஜ்யம் என்று எழுதிப் பாருங்கள். முதலீட்டிலிருந்து எடுத்தால் 15 வருடத்தில் அது 540 ஆகியிருக்கும். அந்த ஓட்டையை அடைக்க 15 வருடமும் மாதம் 2.25 கூடுதலாகப் போட வேண்டும். அண்ணனுக்குக் கொடுப்பதன் உண்மையான விலை இதுதான். இதை நீங்களும், முக்கியமாக உங்கள் துணையும், முணுமுணுக்காமல் தாங்குவீர்கள் என்றால் கொடுங்கள். திரும்ப வந்தால் சந்தோஷம். தாங்க முடியாது என்றால், முணுமுணுக்காமல் தாங்கக்கூடிய அளவு எதுவோ அதைத் திரும்ப எதிர்பார்க்காமல் கொடுத்துவிடுங்கள். உறவும் மிஞ்சும்.

'சரி, பணம் வேண்டாம், வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து மட்டும் போடு' என்பார்கள். அது இன்னும் கவனமாக இருக்க வேண்டிய இடம். அண்ணன் தவணை கட்டாமல் விட்டால் முழுப் பாக்கிக்கும் வங்கி உங்களிடம் வரலாம், அது நடக்கும் நாளை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. கையெழுத்துப் போட்டால் அந்தத் தொகை முழுவதையும் உங்கள் கடனாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்றுவிட்டேன். கையிருப்பு 3000, வருடச் செலவு 90. வருடத்துக்கு 30 நன்கொடை கொடுக்க ஆசை. முடியுமா?

மொத்தம் 120, அதாவது 4 சதவீதம். அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-ல் அமெரிக்கச் சந்தை வரலாற்றை வைத்து 30 வருட ஓய்வுக்காலத்துக்குச் சொன்ன அளவும் ஏறக்குறைய இதுதான். அந்த 4-க்கு உள்ளேயே நன்கொடையும் அடங்கிவிடுவதால் தொடங்கலாம். வேறு நாட்டுச் சந்தை, இன்னும் நீண்ட ஆயுள் என்றால் அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

கவனிக்க வேண்டியது சந்தை விழும் வருடத்தை. கையிருப்பு 2100 ஆகிவிட்டால் அதே 120 என்பது 5.7 சதவீதம். ஓய்வு பெற்ற முதல் சில வருடங்களில் இப்படி எடுத்தால், சந்தை திரும்ப ஏறும்போது வளர்வதற்கு உங்களிடம் பணம் போதாது. அதனால் ஒரு வரம்பு வையுங்கள்: மொத்தமாக எடுப்பது அன்றைய மதிப்பில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வீட்டுச் செலவு முதலில், மிச்சம் நன்கொடைக்கு. 2100-க்கு 5 சதவீதம் 105. வீட்டுக்கு 90 போக நன்கொடை அந்த வருடம் 15. கையிருப்பு மீண்டால் தொகையும் பழையபடி 30-க்குத் திரும்பும்.

நீங்கள் கொடுக்கும் அமைப்பிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'வருடத்துக்கு 15 நிச்சயம், சந்தை நன்றாக இருந்தால் 30 வரை' என்று சொன்னால் அவர்களும் அந்த 15-ஐ வைத்துத்தான் ஆள் போடுவார்கள்.