குழந்தைக்கு ஒரு பெயர் முடிவு செய்திருக்கிறோம். வேறு மொழிகளில் அசிங்கமான அர்த்தமோ கொச்சைச் சொல்லோ வராமல் எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் எழுத்தைப் பாருங்கள், ஒலியை அப்புறம் பார்க்கலாம். கூப்பிடும்போது ஒரு குறையும் இல்லாத பெயர் ஆங்கில எழுத்துக்குப் போனதும் மாட்டிக்கொள்வது உண்டு. அங்கே குறில் நெடில் தெரியாது. ‘மாலா’வை Mala என்று எழுதினால், சமஸ்கிருதத்தில் மாலையைக் குறிக்கும் சொல்லும் அழுக்கு, மலத்தைக் குறிக்கும் சொல்லும் ஒரே எழுத்தில் வந்து நிற்கும். ஸ்பானிய மொழியிலோ mala என்றால் ‘மோசமானவள்’. ‘அனல்’ என்ற அழகான சொல் Anal ஆகிவிடும். எழுத்தைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது, வேறு பெயர் தேடுவதே நல்லது.

ஒரு தாளில் அந்தப் பெயரை எழுதக்கூடிய எல்லா ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் வெட்டிப் பாருங்கள்: முதல் மூன்று நான்கு எழுத்து, கடைசி மூன்று நான்கு எழுத்து, செல்லமாகச் சுருக்கினால் என்ன வரும் என்று. Rakshit-இன் கடைசி நான்கு எழுத்தைக் கவனியுங்கள். கடைசியில் h சேர்த்தால் கண்ணுக்குக் கொஞ்சம் மறையும், ஆனால் அந்த நான்கு எழுத்தும் உள்ளேதான் இருக்கும். கெட்ட வார்த்தைகளைத் தடுக்கும் மென்பொருளுக்கு அது போதும். 1996-இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களால் ஏஓஎல் என்ற இணையச் சேவையில் கணக்கே தொடங்க முடியாமல் போனது, ஊர்ப்பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததால்தான்.

இனிஷியலை ஒட்டிப் பார்ப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹிதேஷ் என்ற பெயரில் ஒரு தப்பும் இல்லை. இனிஷியல் S என்றால் அலுவலக மின்னஞ்சல் shitesh என்று உருவாகலாம். இனிஷியலைப் பெயருக்கு முன்னும் பின்னும் வைத்து, புள்ளியில்லாமல், சிறிய எழுத்தில் எழுதிப் பாருங்கள்.

அடுத்து en.wiktionary.org என்ற இணைய அகராதியில் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் சிறிய எழுத்தில் தேடுங்கள். அந்த எழுத்துகளில் சொல் உள்ள மொழிகள் எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக வரும். பொருளுக்கு முன்னால் vulgar, slang, derogatory என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மொழிபெயர்ப்புச் செயலியை மட்டும் நம்ப வேண்டாம். பெயர் என்று நினைத்து அப்படியே திருப்பித் தந்துவிடும்.

வேறு லிபியில் எழுதும் மொழிகள் இந்தத் தேடலில் தப்பிவிடலாம். ‘மணி’ நமக்கு மணிதான், ஆனால் அரபியிலும் உருதுவிலும் விந்தைக் குறிக்கும் சொல் கிட்டத்தட்ட அதே ஒலி. இதைப் பிடிக்க அந்த மொழி பேசுபவரிடமே கேட்க வேண்டும். எழுதிக் காட்டாமல் சொல்லிக் காட்டுங்கள். “பெயர் நல்லாயிருக்கா?” என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். “இதைக் கேட்டதும் என்ன வார்த்தை ஞாபகம் வருது? பள்ளியில் பிள்ளைகள் இதை வைத்து எப்படிக் கேலி செய்வார்கள்?” என்று கேளுங்கள். ஒரு மொழிக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் இளைஞராக இருக்கட்டும், கொச்சை வழக்கு தலைமுறைக்குத் தலைமுறை மாறும்.

எல்லா மொழியையும் அலச வேண்டியதில்லை. ஆங்கிலமும், குழந்தை வளரப்போகும் ஊரில் பேசும் மொழிகளும் போதும். ‘கனி’ ஜப்பானிய மொழியில் நண்டு, அதற்காகப் பெயரை மாற்றத் தேவையில்லை. உடலுறுப்பு, கழிவு, வசவு ஆகிய மூன்றில் ஒன்று வந்தால் மட்டும் பெயரை விட்டுவிடுங்கள்.