குதித்த பிறகு நாடி 168: பயப்பட வேண்டுமா?

கேள்வி: ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளை ஒரு நிமிடம் குதிக்கவைத்து, நாடியை எண்ணச் சொன்னேன். ஒரு பையனுக்கு 96, பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு 168 வந்தது. அந்தப் பெண்ணின் அம்மா, "இதயத்துல ஏதாவது கோளாறா டீச்சர்?" என்று பதறிப்போய் வந்துவிட்டார். இந்தச் சோதனையைத் தொடரலாமா டாக்டர்?
– ஆசிரியை, பெரம்பூர், சென்னை

பதில்: தாராளமாகத் தொடருங்கள். பத்து வயதுப் பிள்ளை முழு வேகத்தில் ஓடினால் இதயத் துடிப்பு 200 வரைகூடப் போகும். நன்றாகக் குதித்த குழந்தைக்கு 168 என்பது இயல்பான எண். அதற்காக இசிஜி, எக்கோ எதுவும் வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்.

எனக்குச் சந்தேகம் அந்த 96 மேல்தான். அந்த வயதில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 75 முதல் 110 வரை துடிக்கும். அப்படியானால் அவன் ஒப்புக்குக் குதித்திருக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணியதில் பிசகு. பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது.

குதிப்பதை நிறுத்திய அந்த நொடியிலிருந்தே துடிப்பு இறங்கத் தொடங்கும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதன் வேகத்தைக் குறைக்கும் வேலையை உடனே மறுபடி தொடங்கிவிடுகிறது. குழந்தைகளுக்கு இந்த இறக்கம் பெரியவர்களைவிட வேகமானது. நாடி எங்கே என்று தேடவே அரை நிமிடம், அப்புறம் ஒரு முழு நிமிடம் எண்ணினால், கிடைப்பது உச்ச எண் அல்ல, இறங்கி முடிந்த எண்.

அதனால் குதிப்பதற்கு முன்பே இடத்தைக் கண்டுபிடித்து வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவையுங்கள். மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வைத்தால் துடிப்பு தெரியும். அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். கட்டைவிரலால் தொடக் கூடாது, அதில் தொடுபவரின் நாடியே துடிக்கும். கழுத்தில் அழுத்திப் பார்க்கவும் விடாதீர்கள்; அங்கே அழுத்தினால் துடிப்பே குறையலாம், சிலருக்குத் தலைசுற்றும். ஒருவர் குதிக்க, இன்னொருவர் எண்ணட்டும். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்து "தொடங்கு", "நிறுத்து" என்று சொல்லுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும்.

ஒரு கணக்கு பார்ப்போம். உட்கார்ந்திருக்கும்போது 22 துடிப்பு, அதாவது 88. குதித்து நிறுத்தியவுடன் 38, அதாவது 152. ஒரு நிமிடம் கழித்து 29, அதாவது 116. இரண்டு நிமிடம் கழித்து 25, அதாவது 100. மூன்றாவது நிமிடத்தில் 23, அதாவது 92. முதல் நிமிடத்தில் மட்டும் 36 இறங்கியிருக்கிறது, அடுத்த நிமிடத்தில் 16தான். முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்கும் இந்தக் கோட்டைப் பிள்ளைகளே வரைபடத் தாளில் போட்டுப் பார்க்கட்டும். பாடம் அங்கேதான் இருக்கிறது. ஒரு துடிப்பு விட்டுப்போனாலே விடையில் 4 குறையும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். 92க்கும் 88க்கும் வித்தியாசம் இருப்பதாக யாரும் நினைக்க வேண்டாம்.

தயவுசெய்து யாருக்குச் சீக்கிரம் இறங்கியது என்று வரிசைப்படுத்தாதீர்கள். கூச்சப்பட்டுப் பாதி மனதோடு குதித்தவனுக்குக் குறைவாக ஏறும், சீக்கிரம் இறங்கும். அதை வைத்து அவன் திடகாத்திரமானவன் என்று சொல்ல முடியாது. ஒரு குழந்தையை அதே குழந்தையின் போன வார எண்ணோடு ஒப்பிடுவதுதான் நியாயம்.

அதற்கும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு நிறைய ரத்தம் போவதால், அதே குதிப்புக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும், இறங்கவும் தாமதமாகும். காலை முதல் பீரியடில், மின்விசிறிக்குக் கீழே செய்யுங்கள். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வேண்டாம்.

அமைதியாக இருக்கும்போது நாடி ஒரே சீராக இல்லை என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். மூச்சை இழுக்கும்போது சற்று வேகமாகவும் விடும்போது மெதுவாகவும் துடிப்பது குழந்தைகளுக்கு இயல்பு.

காய்ச்சல் உள்ளவர்கள், இளைப்பு இருப்பவர்கள், இதய நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் குதிக்காமல் எண்ணும் வேலையை ஏற்கட்டும். ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளை, ஓடினால் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளை, சும்மா இருக்கும்போதே திடீரென்று படபடத்துத் திடீரென்று நிற்கிறது என்று சொல்லும் பிள்ளை, குடும்பத்தில் யாராவது சிறு வயதில் திடீரென்று இறந்திருக்கும் பிள்ளை என்றால், நாடி எந்த எண்ணைக் காட்டினாலும் சோதனையில் சேர்க்காமல் முதலில் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.