பையர் மீட்டிங்கைத் தள்ளிப்போட ஏஜென்ட்டை நம்பலாமா?

கேள்வி: திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். நாளை 23 அக்டோபர், வியாழன் மதியம் 2.30-க்கு ஹாம்பர்க் பையருடன் வீடியோ மீட்டிங். கலர் அப்ரூவலுக்காகச் சாயம் போட்டுத் தரும் மாதிரித் துணித்துண்டான லேப் டிப், தீபாவளி லீவால் திங்களுக்கு முன் வராது என்று டையிங்கில் இப்போதுதான் சொல்கிறார்கள். "நான் பேசிக்கொள்கிறேன், நீங்கள் பேசாதீர்கள்" என்கிறார் ஏஜென்ட். ஆர்டர் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நீங்களே பேசுங்கள், அதுவும் இன்றே. நம் மாலை 6 மணி அங்கே மதியம் 2.30, பையர் இருக்கையில்தான் இருப்பார். நாளைக்கு விட்டால் அவர் ஆபீஸ் வருவதற்கே நமக்கு 12.30 ஆகிவிடும்.

ஏஜென்ட் விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வேன். எல்லா ஏஜென்ட்டும் அப்படியில்லை. ஆனால் "ஃபேக்டரி ரெடியாக இல்லை" என்ற ஒரே வரியில் உங்கள் சங்கதியை முடித்துவிட்டு, அதே மூச்சில் "என்னிடம் இன்னொரு ஃபேக்டரி இருக்கிறது" என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கமிஷன் அவருக்கு எந்த ஃபேக்டரி மூலமும் வரும். துணி நெய்து, தைத்து, கடன் வாங்கி ஷிப்மென்ட் அனுப்புகிறவருக்குப் பையரின் போன் நம்பரைக்கூடத் தராத இந்த வழக்கத்தை ஏன் இன்னும் பொறுத்துக்கொள்கிறோம் என்று தெரியவில்லை. மீட்டிங் அழைப்பில் பையரின் மெயில் முகவரி இருக்கும். நம்பர் கிடைக்காவிட்டால் அதற்கே எழுதி, ஏஜென்ட்டை காப்பியில் வையுங்கள். அவருக்குத் தெரியாமல் செய்ததாகவும் ஆகாது, அவர் மாற்றிச் சொல்லவும் முடியாது.

மெயிலில் காரணம் ஒரே வரியில், உண்மையாக இருக்கட்டும்: விடுமுறையால் லேப் டிப் திங்களன்றுதான் கைக்கு வரும். உடம்பு சரியில்லை, நெட் இல்லை என்று எழுதாதீர்கள். அடுத்த வாரம் லேப் டிப் போய்ச் சேரும்போது அதன் தேதியே காட்டிக்கொடுத்துவிடும். மீட்டிங் தள்ளுவதைவிட ஷிப்மென்ட் தள்ளுமா என்பதுதான் பையரின் கவலை. அதனால் இரண்டாவது வரியில் ஷிப்மென்ட் தேதி மாறாது என்றோ, இத்தனை நாள் தள்ளும் என்றோ எழுதுங்கள். எழுதும் முன் பல்க் டையிங்குக்கு எப்போது இடம் கிடைக்கும் என்று பட்டறையில் கேட்டுக்கொள்ளுங்கள். அளவு ஷீட், லேபிள், பேக்கிங் போன்று கலருக்குச் சம்பந்தமில்லாதவற்றை இன்றே மெயிலில் இணைத்துவிட்டால் நாளைய வேலையில் பாதி நடந்த மாதிரி.

அடுத்து மாற்று நேரம். "உங்களுக்கு எப்போது வசதி?" என்று கேட்டால் வேலையை அவர் தலையில் கட்டுவதாகும். இரண்டு நேரம் கொடுங்கள், போதும். அதற்காகத் திங்கள் மாலையே மீட்டிங் என்று அவசரப்பட வேண்டாம். கேமராவில் கலர் பார்க்க முடியாது. நேவி கறுப்பாகத் தெரியும். லேப் டிப்பை அவர் தம் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தால்தான் முடிவு சொல்வார். 27 திங்களன்று கூரியர் போட்டால் 30 வியாழன் வாக்கில் சேரலாம். 31 அக்டோபர், வெள்ளி ஹாம்பர்க்கில் அரசு விடுமுறை. ஆக, நவம்பர் 3 திங்கள், 4 செவ்வாய் ஆகிய இரண்டு நாளும்தான் சரி.

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். ஜெர்மனியில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று, இந்த வருடம் 26-ஆம் தேதி, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். இன்று நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி வித்தியாசம். ஞாயிறு முதல் நாலரை. நாளை நம் 2.30 அவர்களுக்குக் காலை 11. நவம்பர் 3-இல் அதே 11 மணிக்கு நம் கடிகாரம் 3.30 காட்டும். பழைய நினைப்பில் 2.30-க்கு நீங்கள் உட்கார்ந்தால் அங்கே 10 மணிதான் ஆகியிருக்கும். மார்ச் கடைசி ஞாயிறன்று இது திரும்ப மூன்றரையாகும். அமெரிக்க பையரும் உங்களுக்கு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: அங்கே மாறுவது நவம்பர் முதல் ஞாயிறு. நடுவில் உள்ள ஒரு வாரம் ஜெர்மனிக்குப் புதுக் கணக்கு, அமெரிக்காவுக்குப் பழைய கணக்கு. அதனால் இரண்டு ஊர் நேரத்தையும் சேர்த்தே எழுதுங்கள்:

"நவம்பர் 3 திங்கள், ஹாம்பர்க் காலை 11.00 / இந்தியா மதியம் 3.30. அல்லது நவம்பர் 4 செவ்வாய், ஹாம்பர்க் காலை 9.00 / இந்தியா மதியம் 1.30. 28 செவ்வாய் மாலை வரை இரண்டையும் உங்களுக்காக வைத்திருக்கிறேன்."

வைத்திருக்கிறேன் என்று எழுதினால் நிஜமாகவே வைத்திருங்கள். அந்த நேரத்தில் நூல்காரருக்கோ பேங்க் மேனேஜருக்கோ சரி சொல்லிவிடாதீர்கள்.

காலண்டரை கடைசியில்தான் தொட வேண்டும். போனுக்கும் மெயிலுக்கும் முன்னால் அழைப்பை அழித்தால், "ரத்து" என்ற மொட்டை அறிவிப்புதான் அவருக்கு முதலில் போகும். அழைப்பு அவர் அனுப்பியதாக இருந்தால் அதில் Propose new time என்று இருப்பதைத் தொட்டு முதல் நேரத்தைப் போடுங்கள். திங்களன்று கூரியர் போட்டதும் அதன் நம்பரை அதே மெயிலுக்குப் பதிலாக அனுப்பிவிடுங்கள், ஏஜென்ட் வழியாக வேண்டாம்.