மதிப்பெண் 17இலிருந்து 14 ஆனது, மருந்தை நிறுத்தலாமா?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

நான் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் வசிக்கும் 34 வயதுப் பெண். பலதுறை மருந்தகத்தில் மனச்சோர்வு என்று கண்டறிந்து, செர்ட்ராலின் 50 மில்லிகிராம் கொடுத்தார்கள். நான்கு வாரமாகியும் விடியற்காலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. ஒன்பது கேள்விகள் கொண்ட படிவத்தில் 17ஆக இருந்த மதிப்பெண் 14 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். கோயிலுக்குப் போய்வந்தால் சரியாகிவிடும் என்கிறார் அத்தை. கவிதை எழுதும் நண்பரோ, இந்தச் சோகமே என் எழுத்துக்கு உரம், மாத்திரை அதை மழுங்கடித்துவிடும் என்கிறார். நிறுத்திவிடலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

நீங்களாக நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வரக்கூடும். அவற்றை நோய் முற்றிவிட்டதாக எண்ணிப் பயந்துபோகிறவர்கள் உண்டு. இவ்வகை மருந்துகளில் குமட்டல் போன்ற தொல்லைகள் முதல் வாரத்திலேயே தலைகாட்டும், பலன் தெரியவோ நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகும் என்பதால், இடையில் விடுகிறவர்களுக்குத் தொல்லை மட்டுமே மிஞ்சுகிறது.

அதற்காக நீங்கள் தேறிவிட்டீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். அந்தப் படிவத்தின் உச்ச மதிப்பெண் 27. அதில் ஐந்து புள்ளியாவது குறைந்தால்தான் மருத்துவர்கள் அதைக் குறிப்பிடத்தக்க மாற்றமாகக் கொள்வார்கள். மூன்று என்பது தொடக்கமாகவும் இருக்கலாம், வெறும் ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம். எந்தக் கேள்விகளில் அது குறைந்தது, பசியிலா, களைப்பிலா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். விடியற்கால விழிப்பு நீடிப்பதையும் சொன்னால், அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா, பேச்சுவழிச் சிகிச்சையைச் சேர்ப்பதா என்று அவர் முடிவெடுக்க அது உதவும். தைராய்டு சோதனை செய்யப்படவில்லையென்றால் அதையும் கேளுங்கள். முதல் மருந்து எல்லோருக்கும் பலிப்பதில்லை.

படிவத்தின் ஒன்பதாவது கேள்வி, சாவதே மேல் என்ற எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வருகிறதா என்பது. அதற்கு நீங்கள் அளித்த விடை பூஜ்ஜியமாக இல்லையென்றால், அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767இல் எந்நேரமும் பேசலாம், உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்சுக்கு 995.

உங்கள் நண்பர் பாதி சரி. இம்மருந்துகளால் சிலருக்கு உணர்ச்சிகள் மரத்துப்போனதுபோல் இருப்பது உண்மைதான். அப்படி நேர்ந்தால் மருத்துவரிடம் சொல்லலாம், அளவை மாற்றிப் பார்ப்பார்கள். ஆனால் மனச்சோர்வு கவனத்தையும் முனைப்பையும் தின்றுவிடும் நோய். ஒரு பத்தியைப் படித்து முடிக்கவே திணறும் நிலையில் எழுதுவது எப்படி? அவர் புகழ்கிற சோகம் வேறு, உங்களை விடியலில் எழுப்புகிற இது வேறு.

அத்தையுடன் கோயிலுக்குப் போவதில் நன்மை உண்டு, வெளியே கிளம்புவதும் துணையோடு இருப்பதும் உதவும். ஆனால் அது மருந்துக்கு மாற்றாகாது. போக முடியாத நாள்களில் உங்களை நீங்களே குற்றம் சாட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் மருந்தைத் தொடரச் சொல்வார்கள். பின்னர் மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.