புதன் லேபா, வெள்ளி லேபா? டைம்டேபிள் போட்டோவைப் பிரித்துப் படிப்பது

"அண்ணா, அஞ்சாவது செமஸ்டர் டைம்டேபிள் போட்டோ குரூப்ல வந்திருக்கு. நான் பி செக்ஷன், லேப்ல B1. எலெக்டிவ் கிளவுட் எடுத்திருக்கேன். புதன் 6, 7-ல CCS335 L (B1) / CCS346 L / CCS375 L-னு இருக்கு. வெள்ளி 6, 7-ல CCS335 L (B2) / LIB-னு இருக்கு. நான் B1 தானே, அப்போ வெள்ளி மதியம் லைப்ரரி அவர்தான்? கிருஷ்ணகிரியில ஊத்தங்கரை வழி அரூர் பஸ்ஸைச் சீக்கிரமே பிடிச்சுடலாமா?"

தம்பி,

பஸ்ஸை இப்போதைக்கு விடு. வெள்ளி மதியம் உனக்கு லேப் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஏன் என்று சொல்கிறேன்.

அந்தப் போட்டோவில் சாய்கோடு போட்ட கட்டங்கள் இரண்டு வகை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் கோடு எதைப் பிரிக்கிறது என்பது வேறு. செவ்வாய் 5, 6-ல் CS3591 L (B1) / CS3501 L (B2) என்று இருக்கிறதே, அது உன் செக்ஷனைப் பேட்ச் வாரியாகப் பிரிக்கிறது. B1 நெட்வொர்க்ஸ் லேபுக்குப் போகும்போது B2 கம்பைலர் லேபில் உட்காரும். வியாழன் 5, 6-ல் இதுவே தலைகீழாக இருக்கும், பார். இரண்டு பேட்சுக்கும் வாரத்தில் இரண்டு லேபும் கிடைத்துவிடும். இங்கே நீ B1 என்பது சரி.

எலெக்டிவ் கட்டம் அப்படியில்லை. அங்கே கோடு பிரிப்பது பாடத்தை. கிளவுட் எடுத்தவன் CCS335, டேட்டா அனாலிசிஸ் எடுத்தவன் CCS346, வெப் டெக்னாலஜிஸ் எடுத்தவன் CCS375. இதில் உன் செக்ஷனுக்கு இடமே கிடையாது. ஏ செக்ஷனில் கிளவுட் எடுத்தவர்களும் பி செக்ஷனில் எடுத்தவர்களும் ஒரே வகுப்பு. அதனால்தான் PE-I, அதாவது முதல் புரொஃபஷனல் எலெக்டிவ், என்று போட்ட பீரியடுகள் இரண்டு செக்ஷன் டைம்டேபிளிலும் ஒரே நேரத்தில் வரும். ஏ செக்ஷன் பையன் ஒருவனிடம் போட்டோ வாங்கி ஒப்பிட்டுப் பார், தெரியும். வகுப்பறையும் உங்கள் வழக்கமான அறையாக இருக்காது, அட்டெண்டென்ஸும் தனி.

சரி, இப்போது அந்த (B1), (B2). கிளவுடுக்கு மட்டும் ஏன் பேட்ச் போட்டிருக்கிறார்கள்? இரண்டு செக்ஷனிலிருந்தும் ஆள் சேர்ந்ததில், லேபில் இருக்கிற சிஸ்டம் போதாத அளவுக்குக் கூட்டம். அதனால் கிளவுட் எடுத்தவர்களுக்கு மட்டும் ஒரு புதுப் பட்டியல் போட்டு, ரிஜிஸ்டர் நம்பர் வரிசையில் பாதியாக வெட்டுவார்கள். அந்த வரிசையில் ஏ செக்ஷன் நம்பர்கள் முதலில் வரும், உங்கள் நம்பர்கள் பின்னால் வரும். உதாரணத்துக்கு ஏ-யில் 32 பேர், பி-யில் 30 பேர் கிளவுட் எடுத்திருந்தால் மொத்தம் 62. 31-31 ஆக வெட்டினால் ஏ செக்ஷன் ஆட்களே முதல் பாதியை நிரப்பிவிடுவார்கள். பி செக்ஷனில் முதல் நம்பர் காரனுக்கும் கிளவுடில் B2 தான். உன் செக்ஷனில் நீ B1, கிளவுட் லேபில் B2. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. ஒரே பெயரை இரண்டு இடத்தில் வைத்துக் குழப்புகிறார்களே என்று எனக்கும் எரிச்சல்தான். கிளவுட் பேட்சுக்கு C1, C2 என்று போட்டிருந்தால் நீ எனக்கு எழுதியே இருக்க மாட்டாய்.

ஏ செக்ஷனில் குறைவான பேர் எடுத்திருந்தால் கணக்கு மாறும். அங்கே வெறும் 20 பேர் என்றால் மொத்தம் 50, பாதி 25, அப்போது பி-யில் கிளவுட் எடுத்த முதல் ஐந்து பேர் B1-க்குப் போவார்கள். ஆகவே ஊகத்தில் நிற்காதே. கிளவுட் எடுக்கும் ஸ்டாஃபிடம் பேட்ச் லிஸ்ட் இருக்கும், லேப் கதவிலும் ஒட்டுவார்கள். அதில் உன் ரிஜிஸ்டர் நம்பர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் முடிந்தது.

நீ படித்தது சரியா என்று சோதிக்க இன்னொரு வழி இருக்கிறது. டைம்டேபிளுக்குக் கீழே ஒரு சின்ன அட்டவணை இருக்கும்: பாடக் குறியீடு, பாடத்தின் பெயர், ஸ்டாஃப் பெயர், பக்கத்தில் L T P C. நீ அனுப்பிய போட்டோவில் அது பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, முழுசாக வாங்கிக்கொள். 2021 ரெகுலேஷனில் CCS335-க்கு 2 0 2 3 என்று இருக்கும். வாரத்துக்கு இரண்டு தியரி, இரண்டு லேப் பீரியட், மூன்று கிரெடிட். உன் போட்டோவில் PE-I தியரி திங்கள் 3, புதன் 2. அது இரண்டு ஆயிற்று. புதன், வெள்ளி இரண்டு லேபையும் உனக்கென்று எண்ணினால் மொத்தம் ஆறு வரும், அது தப்பு. ஒன்றை மட்டும் எண்ணினால் நான்கு, கணக்கு நேர். ஆக, ஏதோ ஒன்றுதான் உன்னுடையது என்று இந்த எண்ணிக்கை உறுதியாகச் சொல்லிவிடும். எந்த ஒன்று என்பதைப் பேட்ச் லிஸ்ட்தான் சொல்லும். CS3591-க்கு 3 0 2 4, அதாவது மொத்தம் ஐந்து பீரியட். அதையும் எண்ணிப் பார். நான்கோ ஆறோ வந்தால் ஒரு வரியைத் தவறாகப் படித்திருக்கிறாய்.

அப்படித் தவறுவதற்குப் போட்டோவே காரணமாக இருக்கும். நோட்டீஸ் போர்டை ஓரமாக நின்று எடுத்திருக்கிறார்கள், கோடுகள் வலது பக்கம் போகப்போகக் கீழே சரிகின்றன. வியாழன் வரிசையைக் கண்ணால் நேராக ஓட்டினால் ஏழாவது பீரியடுக்குப் போகும்போது புதனுக்கு ஏறிவிடுவாய். நடுவில் லஞ்ச் என்று செங்குத்தாக எழுதிய பட்டை இருக்கிறதல்லவா, அங்கே ஒரு முறை நின்று, நீ இருப்பது எத்தனையாவது வரிசை என்று மேலிருந்து எண்ணிவிட்டு மதியத்துக்குப் போ. லேப் கட்டம் இரண்டு பீரியடைச் சேர்த்து அகலமாக இருப்பதால், அதன் இடது ஓரமும் வலது ஓரமும் மேலே எந்த எண்ணுக்கு நேராக வருகின்றன என்பதையும் பார்.

பாடக் குறியீட்டின் கடைசி இலக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும். வாட்ஸப்பில் அழுத்தி வந்த படத்தில் 5, 6, 8 மூன்றும் ஒரே மாதிரி மங்கும். CCS335 கிளவுட் கம்ப்யூட்டிங், CCS336 கிளவுட் சர்வீசஸ் மேனேஜ்மென்ட், CCS338 கம்ப்யூட்டர் விஷன். முதல் இரண்டுக்கும் பெயரிலேயே கிளவுட் இருப்பதால் தப்பாகப் படித்தாலும் உறைக்காது. படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல், தெளிவு குறையாது.

பாடக் குறியீட்டை வைத்து செமஸ்டரைக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் முழுசாக நம்பாதே. CS3591-ல் 3-க்கு அடுத்த 5 அஞ்சாவது செமஸ்டரைக் குறிக்கிறது, சரிதான். ஆனால் உங்கள் டைம்டேபிளிலேயே CB3491 இருக்கிறது, அதில் அந்த இடத்தில் 4. எலெக்டிவ் குறியீடுகளில் செமஸ்டர் எண்ணே கிடையாது.

லிஸ்டில் உன் நம்பர் B2 பக்கம் இருந்தால், புதன் 6, 7-ல் உனக்கு வகுப்பு இல்லை. அந்தக் கட்டத்தில் LIB என்று எழுதாமல் விட்டிருக்கிறார்கள், லைப்ரரிக்குத்தான் போகச் சொல்வார்கள், கேட்டுக்கொள். வெள்ளி ஏழாவது பீரியட் முடிந்த பிறகுதான் அரூர் பஸ். போட்டோவின் மேல் ஓரத்தில் எந்தத் தேதியிலிருந்து நடைமுறை என்று போட்டிருக்கும், அதையும் பார். எலெக்டிவ் மாற்றிக்கொள்ள அவகாசம் இருக்கும் முதல் வாரங்களில் பட்டியல் மாறும், அதோடு பேட்சும் மாறும்.

அன்புடன்,
அண்ணன்