டார்வின் மாந்தோப்பு வேலைக்கு எந்தச் சட்டை வாங்குவது?

"அண்ணா, வணக்கம். செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் டார்வின் பக்கம் ஒரு மாந்தோட்டத்தில் காய் பறிக்கும் வேலைக்கு வருகிறேன். சொந்த ஊர் கிருஷ்ணகிரி, வெயில் புதிதல்ல. ஆனால் யுபிஎஃப் 50+ போட்ட முழுக்கைச் சட்டைதான் வேண்டும் என்று மேற்பார்வையாளர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். நம் நிறத்துக்கு அது தேவையா? ஊரிலிருந்தே பருத்திச் சட்டைகளைக் கொண்டுவந்தால் போதாதா?"

தம்பி, பருத்திச் சட்டைகளை மாலை நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கென்று யுபிஎஃப் 50+ முத்திரையுள்ள, உடம்பில் ஒட்டாத, காலர் வைத்த முழுக்கைச் சட்டைகள் மூன்றை டார்வினில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அவை பாலியஸ்டராக இருப்பது நல்லது.

அந்த எண் சொல்வது இதுதான்: துணியின் மேல் விழும் புற ஊதாக் கதிரில் 50-இல் ஒரு பங்குக்கு மேல் உள்ளே போகாது. அதாவது 2 சதவீதம். நாம் வீட்டில் போடும் மெல்லிய வெள்ளை டி-சர்ட்டுக்கு எவரும் முத்திரை குத்துவதில்லை. சோதித்தால் பெரும்பாலும் 5-லிருந்து 7-க்குள்தான் வரும். 8 மணி நேர வேலையை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 எண்ணுள்ள துணிக்கு அடியில் இருக்கும் தோலுக்கு, வெறும் உடம்போடு அதே வெயிலில் சுமார் 10 நிமிடம் நின்ற அளவு கதிர் படும். 5 எண்ணுள்ள டி-சர்ட்டுக்கு அடியில் அது 96 நிமிடமாகிவிடும். ஒரு நாள் என்றால் பெரிதாகத் தெரியாது. பருவம் முழுவதும் தினமும் என்றால் தோல் தாங்காது.

நிறத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் தோல் வெள்ளைக்காரர்களின் தோலைப் போலச் சட்டென்று சிவந்து உரியாது என்பது உண்மைதான். ஆனால் கருத்திட்டுகள் விழுவதும், தோல் முதிர்வதும், கண்ணில் சதை வளர்வதும் நமக்கும் வரும். தோல் புற்றுநோய் வாய்ப்பும் குறைவே தவிர இல்லாமல் போவதில்லை. நீங்கள் வரும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான அறுவடைக் காலத்தில் டார்வினில் நண்பகல் புற ஊதாக் கதிரின் கடுமையைக் காட்டும் குறியீடு 11-ஐத் தாண்டுவது வழக்கம். 3-ஐ எட்டினாலே தோலை மூட வேண்டும் என்பது இந்நாட்டு அறிவுரை. உடம்பில் சூடு உறைக்கிறதா என்பதை வைத்து இதை அளக்க முடியாது, ஏனென்றால் சூடும் புற ஊதாவும் வேறு வேறு. மெல்லிய மேகம் மூடிய நாளிலும் குறியீடு பெரிதாக இறங்காது. இன்னொன்று, டார்வின் கடிகாரப்படி சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 12:45-க்கு. ஆகவே சாப்பாடு முடிந்து ஒரு மணிக்குத் திரும்பும்போது வெயில் தணியத் தொடங்கிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.

இனி, முத்திரையில் எழுதப்படாத விஷயத்துக்கு வருகிறேன். மாந்தோப்பைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம். ஆஸ்திரேலியத் தரமான ஏ.எஸ். 4399-இன்படி துணியைப் புதிதாக, உலர்ந்த நிலையில், இழுக்காமல் வைத்துச் சோதிப்பார்கள். உங்கள் வேலையிலோ சட்டை உலர்ந்திருக்கும் நேரமே குறைவு. காம்பு ஒடிந்ததும் பீறிடும் மாங்காய்ப் பால் பழத்தின் தோலைக் கருக்கிவிடும் என்பதால், இங்கே பறிக்கும் வண்டியிலேயே சோப்புக் கரைசலைத் தெளித்துக்கொண்டிருப்பார்கள். அது கையெல்லாம் நனைக்கும். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் வடியும் வியர்வை மீதியை நனைத்துவிடும். பருத்தி நனைந்தால் இழைகளுக்கு இடையே உள்ள இடைவெளியில் நீர் நிறைந்து, ஒளி சிதறாமல் நேராக உள்ளே இறங்கும். நனைந்த சட்டையின் வழியே உடம்பு தெரிவது இதனால்தான். மெல்லிய பருத்தி நனைந்தால் ஏற்கெனவே குறைவான அதன் காப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும். பாலியஸ்டர் இழை தன் வேதி அமைப்பாலேயே புற ஊதாவை உறிஞ்சக்கூடியது; நீரை அதிகம் குடிப்பதில்லை, விரைவில் காய்ந்தும் விடுகிறது. அதனால்தான் அதை முதலில் சொன்னேன்.

பருத்திதான் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்றால், வேலையாட்களுக்கான உடை விற்கும் கடைகளில் நெருக்கமாக நெய்த காட்டன் டிரில் சட்டைகள் கிடைக்கும். சதுர மீட்டருக்கு 150 கிராம் அளவிலான மெல்லிய ரகத்தை எடுங்கள். 190 கிராம் ரகம் இந்தப் புழுக்கத்துக்குக் கனம். அக்குளிலும் முதுகிலும் காற்று போக வலைத்துணி வைத்திருப்பார்கள். முதுகில் உள்ள வலைக்கு மேலே ஒரு மடிப்புத் துணி மூடியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் வெயில் அந்த வலை வழியே உள்ளே இறங்கும்.

இறுக்கமான சட்டையும் கையில் மாட்டும் நீள உறையும் இளைஞர்களுக்குப் பிடிக்கும். ஆனால் எட்டிப் பறிக்கும்போது முதுகிலும் முழங்கையிலும் துணி இழுபட்டு இழைகளின் இடைவெளி விரியும். அந்த இடத்தில் முத்திரையின் எண் செல்லாது. ஒரு அளவு பெரிதாக எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை, உள்ளே காற்றும் உலவும்.

கடையில் முத்திரையைப் படிக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். 2017-இல் திருத்திய பிறகு இந்தத் தரத்தில் 15, 30, 50, 50+ என்ற நான்கு எண்களே உள்ளன. எனவே 40 என்றோ 80 என்றோ அச்சிட்டிருந்தால் அது இந்த முறையில் மதிப்பிட்டதல்ல. இணையத்தில் மலிவாக விற்பவற்றில் 50+ என்று மட்டும் இருக்கும், தரத்தின் எண் இருக்காது. அவற்றை நான் வாங்குவதில்லை. அடுத்தது, மேற்கையின் முக்கால் பாகம் மூடினாலே ஒரு சட்டைக்கு முத்திரை கிடைத்துவிடும். ஆகவே 50+ போட்ட அரைக்கைச் சட்டையும் கடையில் தொங்கும். முழுக்கை உங்களுக்கு வெயிலுக்காக மட்டும் அல்ல, மாங்காய்ப் பால் பட்டு முன்கை வெந்துபோகாமல் இருக்கவும் அதுவே காப்பு.

சட்டை மூடாத இடங்களில் பிடரிதான் முதலில் அடிபடும், ஏனென்றால் தரையோரக் கிளைகளுக்குக் குனியும்போது அது நேராக வெயிலைப் பார்க்கும். காலரை நிமிர்த்திவிட்டு, விளிம்பு 7.5 சென்டிமீட்டருக்குக் குறையாத தொப்பியை அணியுங்கள்; கிரிக்கெட் தொப்பி காதையும் பிடரியையும் காக்காது. முகத்துக்கும் புறங்கைக்கும் சன்ஸ்கிரீன் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் தடவ வேண்டும். இலைகளுக்கு நடுவே மேலே பார்த்தபடி வேலை என்பதால் கறுப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

சட்டையை எப்போது ஒதுக்குவது என்பதற்கு ஒரு எளிய வழி: தோள்பட்டைப் பகுதியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். புதிதில் தெரியாத ஒளிப்புள்ளிகள் இப்போது ஊசி குத்தியதுபோலத் தெரிந்தால் துணி நைந்துவிட்டது என்று பொருள். புதுத் துணியை மதிப்பிட இந்தச் சோதனை போதாது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உள்ளே விட்டுப் புற ஊதாவை மட்டும் தடுக்கும் பாலியஸ்டரும் உண்டு. ஆனால் ஒரே சட்டையின் தேய்மானத்தை அறிய இது உதவும். தோளும் முதுகும்தான் முதலில் போகும், கையும் காலரும் நன்றாக இருந்தாலும் அதை நம்பி அணியாதீர்கள்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். வெயிலில் வேலை செய்பவர்கள் தங்கள் பணத்தில் வாங்கும் யுபிஎஃப் முத்திரையுள்ள உடைகளையும் தொப்பியையும் சன்ஸ்கிரீனையும் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட ஆஸ்திரேலிய வரித்துறை அனுமதிக்கிறது. ரசீதுகளை அன்றன்றே கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன்பு மேற்பார்வையாளரிடம், தோட்டத்திலேயே சட்டை தருகிறார்களா என்று ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். சில தோட்டங்களில் தருகிறார்கள். தருவதாக இருந்தால் உங்கள் அளவைவிட ஒன்று பெரிதாகக் கேளுங்கள்.